‘வாய் ஓயாது’ என்பதை ரேங்க் கார்டில் எப்படி எழுதுவது?

நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர் தன் நோட்டில் ஒரு பையனைப் பற்றி இப்படிக் கிறுக்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “வாய் ஓயாது. கணக்குல கவனமே இல்ல. ஆனா பக்கத்துப் பிள்ளைங்களுக்கு நல்லாச் சொல்லிக் குடுக்கிறான்.” தனக்காக எழுதிக்கொண்டது, அதில் தப்பொன்றும் இல்லை. பருவ முடிவில் இதையே ரேங்க் கார்டில் ஆசிரியர் குறிப்பாக மாற்ற வேண்டும் என்னும்போதுதான் சிக்கல்.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: “வகுப்பில் அமைதி காக்க வேண்டும். கணக்கில் மேலும் கவனம் தேவை.” மரியாதையான தமிழ். ஆனால் நோட்டில் இருந்த மூன்று செய்திகளில் நல்லது ஒன்று காணாமல் போய்விட்டது. மற்ற இரண்டும் வசவிலிருந்து அறிவுரையாக மாறியிருக்கின்றன, அவ்வளவே. இதைப் படிக்கும் அப்பா என்ன செய்வார்? பையனைக் கூப்பிட்டு, “கவனமாப் படிடா” என்பார். அதைத்தான் அவர் தினமும் சொல்கிறாரே!

‘கவனமே இல்ல’ என்பது ஆசிரியை கண்ணால் பார்த்தது அல்ல, பார்த்ததிலிருந்து அவர் எடுத்த முடிவு. பார்த்தது என்ன என்று தேட, கணக்கு நோட்டைத் திறக்க வேண்டும். 84-லிருந்து 51-ஐக் கழித்து 33 என்று சரியாகப் போட்டிருக்கிறான். 62-லிருந்து 37-ஐக் கழித்தால் 25 வர வேண்டும். அவன் விடை 35. 503-லிருந்து 278 போனால் 225. அவன் போட்டிருப்பது 375. கவனக்குறைவு என்றால் தப்பு இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும். இங்கே ஒரே ஒழுங்கில் வருகிறது. மேலே 2, கீழே 7 என்றால், 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதிவிடுகிறான். மேலே இருப்பது சின்ன எண்ணா என்று பார்ப்பதே இல்லை. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று எப்போதோ கேட்டதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் பொருத்திக்கொண்டிருக்கிறான். கவனத்துக்குக் குறைவில்லை. கடன் வாங்கிக் கழிப்பதுதான் பிடிபடவில்லை.

‘வாய் ஓயாது’ என்பதையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம். எப்போது பேசுகிறான்? தன் வேலையை முடித்துவிட்டுப் பேசுகிறானா, பாடம் நடக்கும்போதா? முடித்த பிறகு, பக்கத்துப் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடத்தை விளக்குவதற்காகத்தான் என்றால், நோட்டின் முதல் வரியும் மூன்றாம் வரியும் ஒரே விஷயம்.

இவ்வளவும் தெரிந்தபின் குறிப்பு தானாக வரும்:

“தமிழ்ப் பாடத்தை விரைவில் புரிந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்குகிறான். தன் வேலை முடிந்ததும் மற்றவர் முடிக்கும்வரை காத்திருக்கப் பழக்குகிறோம். கடன் வாங்காத கழித்தல் கணக்குகளைச் சரியாகப் போடுகிறான். கடன் வாங்க வேண்டிய இடத்தில் தடுமாறுகிறான். வீட்டில் பத்து ரூபாய், ஒரு ரூபாய் நாணயங்களில் 62 ரூபாய் கொடுத்து, 37 ரூபாய் திருப்பிக் கேளுங்கள். பத்தைச் சில்லறை மாற்ற வேண்டியது அவனுக்கே புரியும்.”

இதில் ‘முனைப்பு’, ‘ஆற்றல்’, ‘திறன் மேம்பாடு’ போன்ற கனமான சொல் ஏதும் இல்லை. இருக்கவும் வேண்டாம். பல வீடுகளில் இந்தக் குறிப்பை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதே அந்தப் பிள்ளைதான். தன்னைப் பற்றித் தானே உரக்க வாசிக்கக் கூசாதபடி எழுத வேண்டும் என்பது நல்ல அளவுகோல். அண்ணனைப் போல இல்லை, அக்காவைப் போல வரவில்லை என்பதெல்லாம் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும்.

அதற்காக எல்லாவற்றையும் இனிப்பாக்குவதும் ஆபத்து. வாசிக்கவே திணறும் பிள்ளைக்கு, “வாசிப்பில் நல்ல முயற்சி” என்று எழுதினால் பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். “நான்கு வரிப் பத்தியை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடிகிறது. நேரில் வாருங்கள், பேசுவோம்” என்பது கொஞ்சம் வலிக்கும், ஆனால் உதவும். டிஸ்லெக்சியா என்று பெயர் சூட்டுவது மட்டும் ஆசிரியர் வேலையல்ல. அது பரிசோதித்துப் பார்த்தவர் சொல்ல வேண்டியது. வீட்டுச் சண்டை, அடி, பசி பற்றிய சந்தேகங்களுக்கும் கார்டில் இடமில்லை. அவற்றைத் தலைமையாசிரியரிடம் அன்றன்றே சொல்ல வேண்டும், பருவ முடிவுவரை வைத்திருக்கக் கூடாது.

எழுதி முடித்ததும், பெயரை மறைத்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம். வகுப்பில் இன்னும் பத்துப் பேருக்குப் பொருந்தினால், அந்தக் குறிப்பு யாரைப் பற்றியதும் அல்ல. நாற்பது பேருக்கும் பருவத்தின் கடைசி வாரத்தில் உட்கார்ந்தால் அப்படித்தான் வரும். நோட்டில் “கவனமே இல்ல” என்று எழுதும் அன்றைக்கே, தேதியோடு “62-37=35” என்றும் குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.