அலமாரிக்குள் முளைக்காத பச்சைப் பயறு

உங்கள் பிள்ளை முதலாம் படிவத்தில் படித்தால், வீட்டில் ஒரு தட்டில் ஈரப் பஞ்சும் பச்சைப் பயறும் இருந்திருக்கும். விதைச் சோதனை செய்யாத அறிவியல் வகுப்பு இல்லை. சுலபமானது என்று நாம் நினைக்கும் அந்தச் சோதனையில் என் மாணவர்களும் நானும் ஒருமுறை ஏமாந்தோம்.

கேள்வி இதுதான்: விதை முளைக்க வெளிச்சம் வேண்டுமா? ஒரு குழு 20 விதைகளைச் சன்னலோரம் வைத்தது, இன்னொரு 20 விதைகளை வகுப்பின் பின்புறச் சுவரோடு ஒட்டிய அலமாரிக்குள் வைத்துப் பூட்டியது. மூன்றாம் நாள் காலையில் சன்னலோரத்தில் 17 முளைத்திருந்தன, அலமாரியில் 6 மட்டுமே. "விதை முளைக்க வெளிச்சம் தேவை" என்று அறிக்கையில் எழுதினார்கள். அட்டவணையில் தற்சார்பு மாறி வெளிச்சம், சார்பு மாறி முளைத்த விதைகளின் எண்ணிக்கை, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் விதையின் வகை, நீரின் அளவு, பஞ்சு என எல்லாம் ஒழுங்காக இருந்தன. நான் முழு மதிப்பெண் போட்டேன்.

பின் வரிசையில் ஒரு மாணவி கை தூக்கினாள். "டீச்சர், தவுகேயை இருட்டுலதானே வளர்க்கிறாங்க?"

அவள் சொன்னது சரி. நாம் மீயில் போட்டுச் சாப்பிடும் தவுகே பச்சைப் பயறின் முளைதான். அதை மூடிய இடத்தில்தான் வளர்க்கிறார்கள். முளைப்பதற்கு அந்த விதைக்கு வெளிச்சம் தேவையில்லை. தேவையானவை நீர், காற்று, போதிய வெப்பம். அப்படியென்றால் அலமாரியில் விதைகள் ஏன் பின்தங்கின?

மதியம் இரண்டு மணிக்கு இரண்டு இடங்களிலும் வெப்பமானியை வைத்தோம். வெயில் விழும் கண்ணாடிச் சன்னலோரம் 27 டிகிரி, அலமாரிக்குள் 18 டிகிரி. பிரிஞ்சாங் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் படாத சுவர் இங்கே நாள் முழுவதும் குளிர்ந்தே கிடக்கும். ஈப்போவிலோ கிள்ளானிலோ இதே சோதனையைச் செய்திருந்தால் சன்னலும் அலமாரியும் இரண்டுமே பயறுக்குப் போதிய வெப்பத்தில் இருந்திருக்கும், தவறு வெளியே தெரிந்திருக்காது. மலையின் குளிர் அதைக் காட்டிக் கொடுத்தது.

மாணவர்கள் மாற்றியது ஒன்று என்று நினைத்தார்கள். உண்மையில் இடத்தை மாற்றினார்கள். இடம் மாறும்போது வெளிச்சத்தோடு வெப்பமும் மாறியது, பஞ்சின் ஈரமும் மாறியது. வித்தியாசம் எதனால் வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நியாயமான சோதனை என்று நாம் சொல்வது இதைத் தவிர்ப்பதைத்தான். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். தமிழ்ப்பள்ளியில் மாறிகளின் மூன்று பெயர்களையும் மனப்பாடம் செய்த பிள்ளைகள், இடைநிலைப்பள்ளியில் "பெம்போலே ஊபா" என்று மறுபடியும் மனப்பாடம் செய்கிறார்கள். பெயர் தெரிந்தவர்களுக்கு அலமாரியின் குளிர் கண்ணில் படவில்லை. எனக்கும்தான்.

மறுபடி செய்தோம். ஒரே அளவுள்ள இரண்டு காலணிப் பெட்டிகளை எடுத்து, இரண்டையும் வெள்ளைத் தாளால் சுற்றினோம். கறுப்புத் தாள் வெயிலில் சூடேறிவிடும், அது இன்னொரு மாறியைக் கொண்டுவந்துவிடும். ஒரு பெட்டியின் மூடியில் சதுரமாக வெட்டி, தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டினோம். மற்றதை முழுக்க மூடினோம். நேர் வெயில் படாத ஒரே மேசையில் இரண்டையும் அருகருகே வைத்து, உள்ளே ஆளுக்கொரு வெப்பமானியும் போட்டோம்.

திறந்த தட்டு போதாதா, பெட்டி எதற்கு என்று கேட்பீர்கள். நீரில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இரண்டு தட்டுக்கும் ஊசிக்குழலால் 5 மில்லிலிட்டர் ஊற்றிவிட்டால் நீர் சமம் என்று எழுதிவிடுகிறோம். திறந்த தட்டில் நீர் வேகமாக ஆவியாகும், மூடிய தட்டில் தங்கும். ஊற்றிய நீர் சமம், விதைக்குக் கிடைத்த ஈரம் சமமில்லை. விரலால் பஞ்சைத் தொட்டாலே தெரிந்துவிடும். ஒன்று காய்ந்தும் மற்றது குளமாகவும் இருந்தால் அந்தச் சோதனையை அங்கேயே நிறுத்திவிடலாம். பஞ்சில் புளித்த வாடை வந்தால் நீர் அதிகமாகி விதை காற்றில்லாமல் அழுகுகிறது என்று பொருள்.

விதைகளைப் பிரிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகள் பருத்த விதைகளை முதலில் பொறுக்குவார்கள், அவை முதல் தட்டுக்குப் போய்விடும். நாங்கள் 40 விதைகளையும் ஒரு கிண்ணத்தில் குலுக்கி, கண்ணை மூடி ஒன்று இந்தத் தட்டுக்கு, ஒன்று அந்தத் தட்டுக்கு என்று போட்டோம். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், வயல் பாத்திகளைத் தற்செயலாகப் பிரிக்க வேண்டும் என்று சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். பயறில் நீரே உறிஞ்சாத கல் விதைகள் சில இருக்கும். ஆளுக்கு ஒரே ஒரு விதை வைத்தால், அந்த ஒன்று கல் விதையாக இருந்துவிட்டால் முடிவே தலைகீழாகிவிடும். இருபது இருந்தால் ஒன்றிரண்டு கல் விதைகள் பெரிதாகத் தெரியாது.

நான்காம் நாள் எண்ணினோம். வெளிச்சப் பெட்டியில் 14, இருட்டுப் பெட்டியில் 15. வெப்பமானிகள் இரண்டும் 20 டிகிரியைக் காட்டின. ஒரு விதை கூடுதல் என்பதால் இருட்டு சிறந்தது என்று ஒரு மாணவன் எழுதப் பார்த்தான். மறுபடி செய்தால் அந்த ஒன்று மறுபக்கம் வரலாம், ஆகவே வித்தியாசமில்லை என்றே எழுதச் சொன்னேன்.

பத்தாம் நாள் வேறொரு வேடிக்கை. வெளிச்சப் பெட்டியின் செடிகள் சராசரியாக 4 சென்டிமீட்டர், பச்சை. இருட்டுப் பெட்டியில் 9 சென்டிமீட்டர், வெளிறிய மஞ்சள், தொட்டால் சாயும் தண்டு. உயரத்தை மட்டும் அளந்தால் இருட்டில் செடி நன்றாக வளர்கிறது என்றாகிவிடும். அது வளர்ச்சியல்ல, வெளிச்சத்தைத் தேடி நீள்வது. உணவு தயாரிக்க வழியில்லாமல் விதையிலையில் இருந்த சேமிப்பைச் செடி செலவழிக்கிறது. அதனால்தான் எதை அளக்கப் போகிறோம் என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். முளைப்பு என்றால் எண்ணிக்கை. வளர்ச்சி என்றால் உயரத்தோடு இலையின் நிறமும், முடிந்தால் உலர்த்திய எடையும். முளைக்காத விதையை உயரக் கணக்கில் பூச்சியமாகச் சேர்ப்பதா, விட்டுவிடுவதா என்பதும் அப்படித்தான். முடிவைப் பார்த்த பிறகு நமக்குப் பிடித்த கணக்கைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

முதல் குழு தங்கள் அறிக்கையைத் திருப்பிக் கேட்டது. இம்முறை வெப்பத்தையே தற்சார்பு மாறியாக்கினார்கள். முழுக்க மூடிய பெட்டிகள் இரண்டு, ஒன்று பழைய சன்னலோரம், மற்றது பழைய அலமாரி. மூன்றாம் நாள் சன்னலோரத்தில் 16, அலமாரியில் 7. இரண்டுமே இருட்டு, எண்ணிக்கை மட்டும் பழையபடியே. ஆனாலும் "27 டிகிரியில் 16" என்று எழுத அவர்களை நான் விடவில்லை. சன்னலோரம் இரவில் அலமாரியை விடக் குளிர்ந்துவிடுகிறது. ஆகவே காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் அளந்து எழுதுகிறார்கள். இரவு நேர அளவுக்கு என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.