ஓர் எழுத்து நுழைந்தால் கோப்பு முழுதும் நகர்கிறது

டிராப்பாக்ஸில் ஏற்கெனவே இருக்கும் 1 ஜிபி கோப்பு ஒன்றின் நடுவே சில எழுத்துகளை மாற்றிச் சேமித்தால், 1 ஜிபியும் மறுபடி மேலே ஏறுவதில்லை. அந்த மென்பொருள் கோப்பை 4 எம்பி துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் 32 பைட் நீளமுள்ள ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடுகிறது. இதை ‘ஹாஷ்’ என்பார்கள். துண்டுக்குள் ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் அடியோடு வேறாகிவிடும்.

1 ஜிபிக்கு 256 துண்டுகள். அவற்றின் ஹாஷ்கள் எல்லாம் சேர்ந்தும் 8 கேபிதான். சர்வர் அந்தப் பட்டியலைப் பார்த்து, தன்னிடம் இல்லாத துண்டை மட்டும் கேட்கிறது. அதே கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து வைத்தாலோ, எதையுமே கேட்காது.

மாற்றம் இருந்த இடத்திலேயே நடந்தால் இது போதும். கோப்பின் தொடக்கத்தில் புதிதாக ஓர் எழுத்தைச் சேர்த்தால்தான் சிக்கல். திரையரங்க வரிசையின் முதல் இருக்கையில் புதிதாக ஒருவர் உட்கார, மற்ற எல்லோரும் ஓர் இடம் தள்ளி அமர்வதுபோல, அதன் பின்னால் உள்ள பைட்டுகள் அனைத்தும் நகர்ந்துவிடும். உள்ளடக்கம் பெரும்பாலும் பழையதே. ஆனால் 256 துண்டுகளின் எல்லைகளும் விலகி, 256 ஹாஷ்களும் மாறிவிடும்.

இதற்கு அழகான விடை 1996-லேயே ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் உருவாக்கிய `rsync` கருவி, புதிய கோப்பை நிலையான எல்லைகளில் வெட்டிப் பார்ப்பதில்லை. பழைய துண்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து தேடுகிறது.

ஒவ்வோர் இடத்திலும் முழு ஹாஷ் போட்டால் கணினி திணறிவிடும். ஆகவே முதலில் ஓர் எளிய கூட்டல். 3, 7, 2, 5 என்ற நான்கு பைட்டுகளின் கூட்டுத்தொகை 17. ஓர் இடம் நகரும்போது 3 வெளியேறி 9 உள்ளே வந்தால், 17-இல் 3-ஐக் கழித்து 9-ஐக் கூட்டினால் 23. மறுபடி முழுவதையும் கூட்ட வேண்டியதில்லை. (உண்மையான கணக்கு பைட்டுகளின் வரிசையையும் கவனிக்கிறது.) இந்த எண் பழைய துண்டு ஒன்றோடு பொருந்தினால் மட்டுமே வலுவான ஹாஷைக் கணக்கிட்டு உறுதி செய்கிறது. பொருந்திய துண்டுக்கு அதன் வரிசை எண்ணும், பொருந்தாத இடத்துக்குப் புதிய பைட்டுகளும் மட்டுமே இணையத்தில் பயணிக்கின்றன.

இந்த முறை தடுமாறும் இடம் சுருக்கப்பட்ட கோப்புகள். ஜிஜிப்பில் தொடக்கத்தில் ஒரு சொல் மாறினால், அதற்குப் பின் வரும் பைட்டுகள் பெரும்பாலும் வேறாகிவிடும். தேடினாலும் பழைய துண்டு கிடைக்காது. சிறிய திருத்தத்துக்கு முழு அளவும் ஏறுகிறதென்றால், பெரும்பாலும் காரணம் இதுதான். அதற்காகவே ஜிஜிப்பில் ஒரு வசதி உண்டு:

```
gzip --rsyncable data.sql
```

இது அவ்வப்போது சுருக்கலைப் புதிதாகத் தொடங்குகிறது. கோப்பு சற்றே பெரிதாகும். ஆனால் மாற்றத்தைத் தாண்டிய சிறிது தூரத்திலேயே பைட்டுகள் பழையபடி ஒத்துவரத் தொடங்கிவிடும்.