சனிக்கிழமை காலை ஒன்பது மணி, பிளம்பருக்கு மட்டும்

"சார், பாத்ரூம்ல லீக் ஆகுது, கொஞ்சம் பாருங்க." சென்னையில் வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளருக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "பாக்கறேன்மா" என்று பதில் வரும். ஒரு வாரம் கழித்து, வீடு பூட்டியிருக்கும் நேரத்தில் பிளம்பர் வந்து திரும்பிப் போவார். எங்கே, என்ன, எப்போது என்ற மூன்றுமே இல்லாத செய்திக்கு வேறு பலனை எதிர்பார்க்க முடியாது.

மடிப்பாக்கத்தில் முதல் மாடியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடகை 16,000 ரூபாய். குளியலறையில் கீசர் சுவிட்சுக்குக் கீழே சுவர் ஈரமாக இருக்கிறது. இரண்டு முறை ஆர்.சி.சி.பி. விழுந்துவிட்டது. ஈரம் சுவிட்சுப் பெட்டிக்குள் போய் மின்சாரம் சுவர் வழியாகக் கசியத் தொடங்கியிருக்கலாம். அந்தச் சுவிட்சைத் தொடாமல், கீசருக்கான எம்.சி.பி.யை அணைத்துவைப்பதுதான் முதல் வேலை. அதன் பிறகு கடிதத்தை எழுதலாம்.

எழுதுவதற்கு முன் ஒரு சிறு சோதனை. இரவு படுக்கப் போகும்போது குழாய்களை எல்லாம் மூடிவிட்டு, ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட வேண்டும். யாரும் தண்ணீர் புழங்காமலேயே காலையில் ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால், சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயின் மீதுதான் சந்தேகம் விழும். அதில் எப்போதும் அழுத்தம் இருக்கும். குளித்த பிறகு மட்டும் ஈரம் பரவுகிறது என்றால் கழிவுநீர்க் குழாயோ டைல்ஸ் இடுக்கோ காரணமாக இருக்கலாம். முதல் வகை என்றால் டைல்ஸை உடைத்தாக வேண்டும். அதாவது, பிளம்பரோடு கொத்தனாரும் வர வேண்டும். பழைய ஜி.ஐ. குழாய் உள்ள வீடுகளில் ஒரு இடத்தை அடைத்தால் துருப்பிடித்த இன்னொரு இடம் கசிவதும் உண்டு.

செலவு யாருடையது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் பராமரிப்பு வேலைகளை இரண்டாகப் பிரித்திருக்கிறது. குழாய் மாற்றுவதும் ஒயரிங்கும் உரிமையாளர் பொறுப்பு. டேப், வாஷர், சுவிட்சு, கீசர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. இந்த வீட்டில் சுவிட்சைக் கெடுத்ததே குழாய்தான். அதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டால், சுவிட்சுக்கான பணத்தைப் பிறகு கேட்பது சங்கடம்.

இந்த வேலைக்கு ஒரு தேதி போதாது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. குழாயை மாற்றியதும் பசை இறுகும் வரை தண்ணீர் திறக்கக் கூடாது. திறந்த பிறகும், கசிவு நின்றுவிட்டதா என்று பார்க்கச் சுவரை ஒரு நாளாவது மூடாமல் வைப்பது நல்லது. சுவர் காயாமல் எலெக்ட்ரீஷியன் வந்து சோதித்தால் ஆர்.சி.சி.பி. மறுபடியும் விழும், ஒயரில்தான் கோளாறு என்று தவறாக முடிவு கட்டுவார். இருவரையும் ஒரே நாளில் வரவழைப்பது சிக்கனம் மாதிரி தெரியும், ஆனால் எலெக்ட்ரீஷியனுக்கு இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் சேர்த்தாலும் கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்டாது:

"சார், வணக்கம். பாத்ரூமில் கீசர் சுவிட்சுக்குக் கீழே சுவர் ஈரமாகிறது. குழாய்களை மூடிவைத்தும் இரவில் ஈரம் பரவுகிறது, போட்டோ இணைத்திருக்கிறேன். சுவிட்சிலும் ஈரம் இறங்கியிருப்பதால் கீசரை அணைத்துவிட்டோம். பிளம்பரும் கொத்தனாரும் வர வேண்டியிருக்கும். சனிக்கிழமை காலை 9 மணி அல்லது திங்கள் மதியம் 2 மணிக்கு வீட்டில் இருப்போம். எது வசதி என்று வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள். மாடித் தொட்டியின் வால்வை மூட வேண்டும் என்பதால் கீழ் வீட்டாரிடமும் சொல்லிவிடுகிறேன். சுவர் காய்ந்த பிறகு எலெக்ட்ரீஷியன் வர இன்னொரு நாள் வேண்டும். அதைச் சனிக்கிழமையே பேசிக்கொள்ளலாம்."

வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அது எழுத்துதான். உரிமையாளர் ஒத்துக்கொண்டால் அவருக்கும் ஒரு கடமை உண்டு: ரிப்பேருக்காக வீட்டுக்குள் வருவதற்கு 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வியாழன் போய் இன்னொரு வாரமும் பதில் இல்லை என்றால்? உரிமையாளர் தன் பொறுப்பிலுள்ள வேலையை நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. வேலை 11,000 ரூபாய்க்கு முடிந்தது என்றால் முதல் மாதம் 8,000, அடுத்த மாதம் 3,000. பில், உடைத்த சுவரின் போட்டோ, அந்தப் பழைய செய்தி மூன்றையும் கழிக்கும் மாதத்திலேயே உரிமையாளருக்கு அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் கணக்கில் அது வாடகை பாக்கியாகத்தான் இருக்கும்.