காகிதத்தில் 6 லட்சம், கையில் எவ்வளவு?

ஸ்டார்ட்அப் நிறுவனங்கள் தரும் வேலைக் கடிதத்தில் சம்பளக் கணக்குக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: "ஈசாப் - ரூ.7,20,000." சம்பளம், பி.எஃப்., போனஸோடு இதையும் கூட்டி ஒரு பெரிய மொத்தத்தைச் சொல்வார்கள். மற்றவை மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். ஈசாப் அப்படி வராது. நிறுவனத்தின் பங்கை இன்றே குறித்துவைத்த விலைக்குப் பின்னாளில் வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமைதான் அது. அந்த உரிமை பணமாவதற்குள் பணியாளர் தன் கையிலிருந்து பணம் போட வேண்டியிருக்கும் என்பதைச் சேரும்போது யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு மென்பொருள் ஸ்டார்ட்அப்பில் சேரும் பொறியாளருக்கு 2,400 ஆப்ஷன்கள் தருகிறார்கள். எக்சர்சைஸ் விலை, அதாவது ஒரு பங்குக்கு அவர் கட்ட வேண்டிய விலை, 50 ரூபாய். முதலீட்டாளர்கள் கடைசியாகப் பணம் போட்டபோது ஒரு பங்கு 300 ரூபாய். 2,400-ஐ 300-ஆல் பெருக்கித்தான் கடிதத்தில் 7,20,000 என்று எழுதியிருக்கிறார்கள். அவர் கட்ட வேண்டிய 50 ரூபாயை யாரும் கழிக்கவில்லை. கழித்தால் அன்றைய கணக்கிலேயே 6 லட்சம்தான். அதனால் கடிதத்தில் ரூபாய் மட்டும் இருந்தால், எத்தனை ஆப்ஷன், எக்சர்சைஸ் விலை எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த 2,400-ம் சேர்ந்த அன்றே அவருடையதாகிவிடாது. வேலை பார்க்கப் பார்க்கத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கணக்கில் சேரும். இதைத்தான் வெஸ்டிங் என்கிறார்கள். பரவலாக இருப்பது நான்கு ஆண்டுத் திட்டம். அதில் முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றுகூட வெஸ்ட் ஆகாது. இந்தக் காத்திருப்புக்குப் பெயர் கிளிஃப். இந்தியாவில் இது நிறுவனத்தின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததல்ல. ஆப்ஷன் வழங்கிய நாளுக்கும் முதல் வெஸ்டிங்குக்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்ட விதிகளே சொல்கின்றன. இங்கே கவனிக்க வேண்டியது, கணக்கு தொடங்குவது ஆப்ஷன் வழங்கிய நாளிலிருந்து. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் கழித்துத்தான் கிராண்ட் லெட்டர் வருகிறது என்றால், வெஸ்டிங் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று அந்தக் கடிதத்தில் பார்க்க வேண்டும்.

நம் பொறியாளருக்கு ஓராண்டு முடிந்ததும் 600 ஆப்ஷன், பிறகு மாதம் 50 வீதம் வெஸ்ட் ஆகிறது. பதினோராவது மாதத்தில் விலகியிருந்தால் அவருக்கு எதுவும் இல்லை. அவர் இரண்டரை ஆண்டு முடித்து, வேறு வேலை கிடைத்து விலகுகிறார். 600-உம், பதினெட்டு மாதத்துக்கு 900-உம் சேர்த்து 1,500 அவருடையவை. மீதி 900 காலாவதி.

உண்மையான சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. விலகிய பிறகு, வெஸ்ட் ஆனவற்றை வாங்கிக்கொள்ளப் பல நிறுவனங்கள் 90 நாள்தான் தருகின்றன. அதற்குள் பணம் கட்டிப் பங்காக மாற்றாவிட்டால் அந்த 1,500-ம் போய்விடும். கடைசி வாரத்தில் எச்.ஆரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. 1,500 பங்குக்கு 50 ரூபாய் வீதம் 75,000 ரூபாய். இது அவர் எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே, வரியாக 1,87,200 ரூபாய்.

இந்தத் தொகை எப்படி வந்தது? பங்கை வாங்கும் நாளில் அதன் சந்தை மதிப்புக்கும் அவர் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வருமான வரிச் சட்டம் சம்பளமாகவே பார்க்கிறது. பட்டியலிடாத நிறுவனம் என்பதால் அந்த மதிப்பை செபியிடம் பதிவு பெற்ற மெர்ச்சன்ட் பேங்கர் கணித்துத் தருவார். இங்கே அது 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பங்குக்கு 400 வீதம் 1,500 பங்குக்கு 6 லட்சம் ரூபாய் 'சம்பளம்'. 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். அந்த 6 லட்சத்தில் ஒரு ரூபாயைக்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை. பங்கை விற்கச் சந்தையும் இல்லை. ஆனாலும் 2,62,200 ரூபாயைக் கையிலிருந்து எடுத்துவைக்க வேண்டும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. வராத பணத்துக்கு முதலில் வரி கட்டச் சொல்வதால், சேமிப்பு உள்ளவர் மட்டுமே தான் உழைத்துச் சம்பாதித்த பங்கைத் தக்கவைத்துக்கொள்ள முடிகிறது.

2020-இல் அரசு ஒரு சலுகை கொண்டுவந்தது. தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களின் பணியாளர்கள் இந்த வரியைச் சில ஆண்டுகள் தள்ளிக் கட்டலாம். ஆனால் பங்கை விற்றாலோ வேலையை விட்டாலோ அந்தத் தவணை அன்றோடு முடிந்துவிடும். விலகிப்போகும் நம் பொறியாளருக்கு அதனால் பயன் இல்லை.

அவர் கடன் வாங்கியாவது பணத்தைக் கட்டிப் பங்கை வாங்கிவிட்டார் என்றே வைப்போம். மூன்று ஆண்டு கழித்து நிறுவனம் பங்குச் சந்தைக்கு வருகிறது. 700 ரூபாய்க்கு விற்கிறார். 10,50,000 ரூபாய் வருகிறது. இப்போது 450-க்கு மேல் கிடைத்த லாபத்துக்கு மட்டும் மூலதன ஆதாய வரி. அந்த லாபம் 3,75,000. இன்றைய விதிப்படி அதில் 1,25,000-க்கு விலக்கு, மீதிக்கு 12.5 சதவீதம், செஸ்ஸோடு 32,500 ரூபாய். எல்லாம் போக நிற்பது 7,55,300 ரூபாய். அவர் உண்மையில் ஈட்டியது இதுதான், அதுவும் விற்ற அன்றுதான்.

விலை 200-க்கு இறங்கியிருந்தால்? கிடைப்பது 3 லட்சம், ஏற்கெனவே போனது 2,62,200. மிஞ்சுவது 37,800. அன்று 6 லட்சம் 'சம்பளத்துக்கு'க் கட்டிய வரி திரும்பி வராது. 450-லிருந்து 200-க்கு இறங்கிய நஷ்டத்தை மூலதன ஆதாயத்தில்தான் கழிக்கலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது. பங்கு, வீடு என்று வேறெதையும் விற்று லாபம் பார்க்காதவருக்கு அந்த நஷ்டக் கணக்கு ஏட்டோடு சரி.

விலை இறங்குவது அபூர்வமும் இல்லை. சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் 36 டாலருக்கு நாஸ்டாக்கில் பங்கு வெளியிட்டது. நூற்றுக்கணக்கான பணியாளர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. மறு ஆண்டிலேயே அந்தப் பங்கு 20 டாலருக்குக் கீழே போனது. அந்தக் கோடிகள் எந்த நாள் விலையில் போட்ட கணக்கு என்பதைப் பொறுத்தே எல்லாம்.

நிறுவனத்தை இன்னொருவர் வாங்கினாலும் பணம் வரலாம். ஆனால் அங்கே ஒரு வரிசை இருக்கிறது. முதலீட்டாளர்கள் பொதுவாக முன்னுரிமைப் பங்கு வைத்திருப்பார்கள். தாங்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு ஒப்பந்தத்திலேயே உண்டு. 180 கோடி முதலீடு வாங்கிய நிறுவனம் 200 கோடிக்கு விலைபோனால், 20 கோடியைத்தான் மற்றவர்கள் பங்கிட வேண்டியிருக்கும். பணியாளரின் பங்கு அந்தக் கடைசிக் குவியலில்தான்.

இத்தனையிலும் பணியாளரால் முன்கூட்டியே மாற்றக்கூடியது ஒன்று உண்டு. விலகியபின் தரும் அந்த 90 நாளைச் சில நிறுவனங்கள் பல ஆண்டுகளாக நீட்டித் தருகின்றன. அப்படி இருந்தால் நம் பொறியாளர் அந்த 2,62,200-ஐ அன்றே புரட்டியிருக்க வேண்டாம். நிறுவனம் சந்தைக்கு வரும்வரை பொறுத்திருந்து, பங்கை வாங்கி உடனே விற்று, வந்த பணத்திலிருந்தே வரியைக் கட்டியிருக்கலாம். அந்தக் கால அளவு வேலைக் கடிதத்தில் இருக்காது, ஈசாப் திட்ட ஆவணத்தில்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படித்து, குறைவாக இருந்தால் கூட்டித் தரச் சொல்ல ஏற்ற நேரம் கையெழுத்துப் போடுவதற்கு முன்புதான். ராஜினாமா கொடுத்தபின் கேட்டால் எச்.ஆர். திட்ட விதியைத்தான் காட்டுவார்.