தலையை எண்ணினால் போதுமா?

அரசு மருத்துவமனை ஒன்றில் ஓ.பி. சீட்டு வாங்கும் கவுன்டர். கேமராவைச் சுவரில் மாட்டினால் முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரை மறைத்துவிடுவார். அதனால் கூரையில், நேர்கீழே பார்க்கும்படி மாட்டுகிறார்கள். அதற்குத் தெரிவதெல்லாம் உச்சந்தலையும் தோளும்தான். பத்தடி உயரக் கூரையிலிருந்து 90 டிகிரி லென்ஸ் தரையில் இருபது அடி அகலத்தைக் காட்டும். ஆனால் தலைகள் இருப்பது ஐந்தடி உயரத்தில். அந்த மட்டத்தில் பார்வை பத்தடிதான். நீண்ட வரிசைக்கு இரண்டு மூன்று கேமரா வேண்டும். அவற்றின் பார்வை ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் ஒரே தலை இரண்டாகிவிடாமல் பார்க்க வேண்டும்.

வரிசை நிற்கும் இடத்தைத் திரையில் கோடு போட்டு அடைத்து, உள்ளே எத்தனை தலை என்று மென்பொருள் எண்ணுகிறது. 24 என்று வைத்துக்கொள்வோம். இதில் ஆறு பேர் துணைக்கு வந்தவர்கள். சீட்டு வாங்கப்போவது 18 பேர்தான்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று போர்டில் காட்ட வேண்டும். கவுன்டரின் கணினி, நிமிடத்துக்கு 1.2 சீட்டு போவதாகச் சொல்கிறது. 24-ஐ 1.2-ஆல் வகுத்தால் 20 நிமிடம். தப்பு! 18-ஐ வகுத்தால்தான் சரி: 15 நிமிடம். மேலே தலை, கீழே சீட்டு என்று கலந்ததில் வந்த வினை இது. துணைக்கு வந்தவரைப் பிரித்தறியக் கேமராவைப் பழக்கத் தேவையில்லை. கவுன்டர் ஓரம் இன்னொரு கோடு போட்டு, அதைக் கடக்கும் தலைகளை எண்ணினால் போதும். நிமிடத்துக்கு 1.6 தலை கடக்கிறது என்றால், 24-ஐ 1.6-ஆல் வகுக்க, அதே 15 நிமிடம். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதியும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது: சராசரியாக உள்ளே நிற்பவர்களை, கடந்துபோகும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு.

செருப்பை வரிசையில் விட்டுவிட்டுத் தூணோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் மட்டும் இந்தக் கணக்கு தோற்கும். வரிசையில் அவர் தலை இல்லை. கடைசியில் கோட்டைக் கடக்கும்போது மட்டும் வந்துவிடும். அப்படி நாலு பேர் இருந்தால் போர்டு நேரத்தைக் குறைத்தே காட்டும்.

ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் கொடுத்து, நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை பின்தொடர்ந்தால் நேரடியாகவே நேரம் கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் பையை எடுக்க ஒருவர் குனிந்து நிமிர்ந்தால், மென்பொருள் அவரைப் புது ஆளாக எண்ணிவிடும். 15 நிமிடம் நின்றவர் 4 நிமிடம் நின்றவர் ஆகிறார். அதிக நேரம் நிற்பவர்தான் அதிகம் குனிவார். எனவே நீண்ட காத்திருப்புகளே துண்டுதுண்டாகிச் சராசரியை இறக்கும்.

சரிபார்க்கக் கேமராவே வேண்டாம். வரிசையின் கடைசியில் சேர்பவர் கையில் மணி எழுதிய துண்டுச்சீட்டைக் கொடுத்து, கவுன்டரில் திரும்ப வாங்கினால் உண்மை நேரம் கிடைத்துவிடும். போர்டு காட்டியது 15, துண்டுச்சீட்டு சொல்வது 25 என்றால், முதலில் தூணோரம் பாருங்கள். அங்கே யாரும் இல்லையென்றால், கவுன்டர்காரர் டீ குடிக்க எழுந்துபோயிருப்பார்.