முதல் வரியில் எதை எழுதுவது? பொறியியல் கலந்தாய்வில் பாடப்பிரிவு, கல்லூரி, ஊர்

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் மாணவர் பாடப்பிரிவைத் தனியாகவும் கல்லூரியைத் தனியாகவும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு கல்லூரியில் ஒரு பாடப்பிரிவு என்பதுதான் ஒரு விருப்பம். விருப்பப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் கல்லூரிக்கு ஒரு குறியீட்டு எண்ணும் பாடப்பிரிவுக்கு ஒரு குறியீடும் சேர்ந்தே இருக்கும். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு எண் 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு எண் 4. கல்லூரி எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரும் அதே வரிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே "பிராஞ்ச் முக்கியமா, காலேஜ் முக்கியமா?" என்று பல வீடுகளில் ஜூன் மாதம் முழுக்க நடக்கும் வாதத்துக்குக் கலந்தாய்வில் நேரடியான இடமில்லை. அங்கே கேட்கப்படுவது ஒன்றுதான்: இந்த வரி மேலே இருக்க வேண்டுமா, அந்த வரியா?

இடங்கள் ஒதுக்கப்படும் முறையைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டுத் தலா 50. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 வாங்கியவருக்கு 92, 44, 45 சேர்ந்து 181. இந்த எண்ணைக் கொண்டு தரவரிசை தயாராகிறது. 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. தரவரிசையில் முன்னால் இருப்பவரின் பட்டியலைக் கணினி முதல் வரியிலிருந்து பார்த்துக்கொண்டே வரும். அவருடைய பொதுப் பிரிவிலோ இட ஒதுக்கீட்டுப் பிரிவிலோ இடம் காலியாக உள்ள முதல் வரி எதுவோ, அதையே தரும். பிறகு அடுத்தவரின் பட்டியலுக்குப் போகும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை கிடைக்கிறது. எட்டாத ஒரு கல்லூரியை முதல் வரியில் எழுதுவதால் எந்த நஷ்டமும் இல்லை. அங்கே இடம் இல்லையென்றால் கணினி அடுத்த வரிக்குப் போகும். அப்படி எழுதியதற்காகக் கீழே உள்ள வரிகளில் மாணவரின் முன்னுரிமை குறைவதில்லை. ஆனால் பல குடும்பங்கள் கிடைக்கக்கூடியதை மேலேயும் விரும்புவதைக் கீழேயும் எழுதிவிடுகின்றன. மேலே எழுதியது கிடைத்த பிறகு கணினி கீழே உள்ளதைப் பார்ப்பதே இல்லை. அதிகம் விரும்பிய இடம் காலியாக இருந்தும் கைநழுவிப் போவது இப்படித்தான். பட்டியலின் வரிசையை விருப்பம் தீர்மானிக்க வேண்டும். அதன் நீளத்தைத்தான் வாய்ப்பு தீர்மானிக்க வேண்டும். முந்தைய ஆண்டு நிலவரத்தைப் பார்த்து, எட்டாதவை சில, எட்டக்கூடியவை பல, உறுதியாகக் கிடைப்பவை சில என்று எழுதுவது வழக்கம். அப்போது கட்-ஆஃப் மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணை ஒப்பிடுவது நல்லது. கணித வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் கட்-ஆஃப் எல்லாருக்கும் ஏறிவிடும். 181 என்ற எண்ணின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

பாடப்பிரிவின் எடையை அளக்க அதன் பெயர் அவ்வளவாக உதவாது. கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், இணையப் பாதுகாப்பு என்று நாலைந்து பெயர்கள் இருந்தாலும் தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், தரவுத்தளம், கணினி வலையமைப்பு ஆகிய அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் எல்லாவற்றிலும் வரும். வேறுபாடு கடைசி ஆண்டுகளின் சில தாள்களில்தான். ஆகவே பெயர் புதிது என்பதற்காக ஒன்றை மேலே ஏற்றுவதோ, பழைய பெயர் இல்லை என்பதற்காக இறக்குவதோ அவசியமில்லை. அங்கே அந்தத் துறைக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்விக்கு அண்மையில் கனம் கூடியிருக்கிறது. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நல்ல நிலையில் உள்ள கல்லூரிகளுக்குத் தளர்த்தியது. அதன் பிறகு சில தனியார் கல்லூரிகளில் கணினி சார்ந்த இடங்கள் பல மடங்காகின. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. அப்படியானால் நான்கு ஆண்டுகளிலும் சேர்த்து 1,200 பேர் படிக்கும் துறைக்கு 60 ஆசிரியர்கள் தேவை. துறையின் இணையப்பக்கத்தில் ஆசிரியர் பட்டியலை எண்ணிப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். எத்தனை பேர் இந்த ஓரிரு ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் என்பதையும் பார்க்கலாம்.

கணினி அல்லாத பிரிவுகளைக் குறைவாக எடைபோடும் வழக்கத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. மத்திய அரசின் பொறியியல் பணித் தேர்வு கட்டடம், இயந்திரம், மின், மின்னணு மற்றும் தொலைத்தொடர்பு ஆகிய நான்கு பிரிவுகளில் மட்டுமே நடக்கிறது. கணினி அறிவியலுக்கு அதில் தனிப் பிரிவு இல்லை. மாநிலத்தின் பொதுப்பணி, நெடுஞ்சாலை போன்ற துறைகளிலும் பொறியாளர் பணிக்கு அந்தந்தப் பிரிவின் பட்டமே கேட்கப்படும். அரசுப் பணியைக் குறி வைக்கும் மாணவருக்கு இது பெரிய எடை. மென்பொருள் நிறுவனங்களோ பெருமளவில் ஆளெடுக்கும்போது பெரும்பாலும் எல்லாப் பிரிவினரையும் தேர்வுக்கு அழைக்கின்றன. இ.சி.இ., டிரிபிள் இ படித்தவர் நிரல் எழுதும் வேலைக்குப் போவது இயல்பாக நடக்கிறது. கணினி படித்தவர் மற்றப் பிரிவுகளின் பொறியாளர் பணிக்குப் போவது அவ்வளவு இயல்பாக நடப்பதில்லை.

கல்லூரியைப் பொறுத்தவரை, விளம்பரப் பலகையில் இருக்கும் அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒரு மாணவரைப் பற்றிய செய்தி. ஒருவருக்கு மூன்று வேலைகள் கிடைத்தால் அதை மூன்றாக எண்ணும் கல்லூரிகளும் உண்டு. இதைவிட நம்பகமான ஆவணம் ஒன்று இருக்கிறது. தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.பில் பங்கேற்கும் கல்லூரிகள் தாங்கள் அளித்த தரவைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் நான்காண்டுப் படிப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் தேர்ச்சி பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று ஒரே அட்டவணையில் இருக்கும். இடைநிலைச் சம்பளம் என்பது வேலை பெற்றவர்களில் சரிபாதிப் பேர் அதற்கு மேலும் மீதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகை. ஒருவரின் பெரிய சம்பளம் அதைப் பெரிதாக அசைக்காது.

கற்பனையாக இரண்டு கல்லூரிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் 1,000 பேர் சேர்ந்து, 700 பேர் உரிய காலத்தில் முடித்து, 350 பேர் வேலை பெற்றிருக்கிறார்கள். இன்னொன்றில் 400 பேர் சேர்ந்து, 340 பேர் முடித்து, 220 பேர் வேலைக்கும் 50 பேர் மேற்படிப்புக்கும் போயிருக்கிறார்கள். முதல் கல்லூரி "350 பேருக்கு வேலை" என்று பலகை வைக்கும். ஆனால் அங்கே சேர்ந்த நூறு பேரில் 35 பேருக்குத்தான் வழி பிறந்தது. இரண்டாவதில் 67 பேருக்கு மேல். உரிய காலத்தில் முடிக்காத 300 பேர் என்ற எண் இன்னும் கவலைக்குரியது, ஏனென்றால் அரியர் வைத்திருப்பவரைப் பல நிறுவனங்கள் தேர்வுக்கே அனுமதிப்பதில்லை. இந்த அட்டவணைக்கும் ஒரு குறை உண்டு: அது கல்லூரி முழுமைக்குமான கணக்கு, பாடப்பிரிவு வாரியாகப் பிரித்துக் காட்டாது. துறையின் தரத்துக்கு என்.பி.ஏ. அங்கீகாரத்தைப் பார்க்க வேண்டும். நாக் அங்கீகாரம் கல்லூரிக்குத் தரப்படுவது, என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. "என்.பி.ஏ. பெற்ற கல்லூரி" என்று சொன்னால் எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஊர் என்பதைப் பெற்றோர் பாதுகாப்பாகவும் செலவாகவும் பார்க்கிறார்கள். மாணவருக்கு அது முதன்மையாக நேரம். வீட்டிலிருந்து கல்லூரிப் பேருந்தில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்றால், 90 வேலை நாள் கொண்ட ஒரு பருவத்தில் 360 மணி நேரம் சாலையில் கழியும். அதைவிட, மாலையில் பேருந்து புறப்படும்போது எல்லாரும் ஏறியாக வேண்டும். வகுப்பு முடிந்தபின் ஆய்வகத்தில் இருப்பது, போட்டிக்குக் கருவி செய்வது, மூத்த மாணவர்களோடு சேர்ந்து நேர்காணலுக்குத் தயாராவது எல்லாம் அதோடு நின்றுவிடும். இந்த வகையில் ஓரளவு சுமாரான விடுதிகூட நீண்ட பேருந்துப் பயணத்தைவிட மேல். இயந்திரவியல் மாணவருக்கு ஊரின் எடை இன்னும் அதிகம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வாகன ஆலைகளும் கோவையின் பம்பு, வார்ப்படப் பட்டறைகளும் ஓசூரின் தொழிற்சாலைகளும் பயிற்சிக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அவருக்கு உதவும். மென்பொருள் வேலைக்கான தேர்வு பெரும்பாலும் இணையத்தில் தொடங்குவதால் கணினி மாணவருக்கு இந்த வேறுபாடு குறைவு.

இப்போது 181 கட்-ஆஃப் கொண்ட அந்த மாணவி ராஜபாளையம் பக்கத்துக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். முன்னால் நான்கு வரிகள் இருக்கின்றன: சென்னைக்கு வெளியே ஒரு பெரிய தனியார் கல்லூரியில் கணினி அறிவியல், மதுரையில் அரசு உதவி பெறும் கல்லூரியில் டிரிபிள் இ, திருநெல்வேலி அரசுக் கல்லூரியில் இ.சி.இ.; வீட்டருகே சிறிய தனியார் கல்லூரியில் தரவு அறிவியல். அவருக்கு நிரல் எழுதும் ஆர்வம் உண்டு. அப்பாவுக்குக் கட்டணம் கவலை, அம்மாவுக்குத் தூரம் கவலை. நான்கையும் ஒன்றாகப் பார்த்தால் முடிவு வராது. இரண்டிரண்டாகக் கேட்க வேண்டும்: இரண்டும் கிடைத்தால் எதில் சேருவாய்? சென்னையா மதுரையா என்றபோது, சென்னைக் கல்லூரியின் கணினித் துறையில் இடங்கள் அண்மையில் பெருகியிருப்பதும் ஆசிரியர் பட்டியல் அதற்கேற்ப நீளாததும் தெரிந்து மதுரை மேலே போகிறது. சென்னையா திருநெல்வேலியா என்றபோது, அரசுக் கல்லூரியின் கட்டணம் மிகக் குறைவு, இ.சி.இ. படித்து மென்பொருளுக்குப் போகலாம் என்பதால் திருநெல்வேலி மேலே. மதுரையா திருநெல்வேலியா என்பதில் மகளும் அப்பாவும் வேறுபட்டு, கடைசியில் அவருக்கு மின்னணுவில் பிடிப்பு அதிகம் என்பதால் திருநெல்வேலி முதல் வரியாகிறது. வீட்டருகே உள்ள கல்லூரி, உரிய காலத்தில் தேர்ச்சி பெற்றவர் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் கடைசி வரி. இன்னொரு குடும்பத்தில் இதே நான்கு வரிகள் வேறு வரிசையில் வரலாம், அதில் தவறில்லை.

இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்பதற்கு ஒரு கட்டாயமும் இருக்கிறது. மூன்றாவது வரி ஒதுக்கப்பட்டால், அதை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கும் வாய்ப்பு உண்டு. அப்போது முதல் இரண்டு வரிகள் மட்டுமே கணக்கில் வரும். வரிசையை மாற்ற முடியாது. அவற்றில் ஒன்று காலியாகிக் கிடைத்துவிட்டால் கையில் இருந்த மூன்றாவது இடம் தானாக ரத்தாகிவிடும். பிறகு "அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டோம்" என்று வீட்டில் சொன்னால் திரும்பிப்போக வழியில்லை. அனுப்ப மனமில்லாத ஊரை மேலே எழுதக் கூடாது என்பது இதனால்தான். ஒதுக்கீட்டை மறுத்து அடுத்த சுற்றுக்குப் போகிறவருக்கு மிச்சமிருக்கும் இடங்களே கிடைக்கும்.

பட்டியலை இணையத்தில் ஏற்றச் சில நாள்களே தரப்படும். வரிசையை அதற்கு முன்பே தாளில் எழுதி முடித்துவிட வேண்டும். ஏற்றும்போது கல்லூரிப் பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணையும் ஊரையும் சரிபார்க்க வேண்டும். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட கல்லூரிகள் தமிழ்நாட்டில் நிறைய.