மணலுக்குள் ஒரு முக்கோணம்

தூணுக்கு அடியில் சதுரமாகக் கான்கிரீட் போடுகிறோமே, அந்த ஃபுட்டிங் மணலில் எவ்வளவு இறங்கும்? நனைந்த களிமண் ஆண்டுக்கணக்கில் அமுங்கும். மணல் அப்படி இல்லை. பெரும்பகுதி இறக்கம் சுமை ஏற ஏறவே முடிந்துவிடும். இதைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் உண்டு:

S = q B (1 − μ²) I / E

q என்பது ஃபுட்டிங் மணலில் தரும் அழுத்தம், B அதன் அகலம், E மணலின் விறைப்பு. μ என்பது மேலிருந்து அமுக்கும்போது பக்கவாட்டில் பிதுங்கும் அளவு. I தான் தாக்கக் காரணி. வடிவத்தையும் விறைப்பையும் ஒரே எண்ணில் அடக்குவது. விறைப்பான சதுரத்துக்கு 0.82. சுமை வளைந்து கொடுக்கும் சதுரமாக இருந்தால் நடுவில் 1.12, மூலையில் 0.56.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 மீட்டர் சதுர ஃபுட்டிங், 1 மீட்டர் ஆழத்தில். அழுத்தம் சதுர செ.மீ.க்கு 1.5 கிலோ, அதாவது மொத்தம் 60 டன். E சதுர செ.மீ.க்கு 150 கிலோ, μ 0.3 என்று வைத்தால் இறக்கம் சுமார் 15 மி.மீ. வழக்கமாகச் சொல்லும் வரம்பு 25 மி.மீ., நம் பழைய ஒரு அங்குலம். தேறிவிட்டது.

ஆனால் இந்தக் கணக்கு நிலத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே ரப்பர் கட்டியாக நினைக்கிறது. மணல் படிவது அடுக்கடுக்காக. எந்த அடுக்கு எவ்வளவு அமுங்கும் என்பதற்கு ஜான் ஷ்மெர்ட்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970இல் ஒரு வழி சொன்னார். ஃபுட்டிங்கின் அடியை ஒட்டிய மணலைச் சொரசொரப்பான கான்கிரீட் இறுகப் பிடித்துக்கொள்கிறது. அங்கே அமுக்கம் குறைவு. அகலத்தில் பாதி ஆழத்தில்தான் அதிகம். அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் ஒன்றுமில்லை. வரைந்தால் மணலுக்குள் ஒரு முக்கோணம் கிடைக்கும். நம் ஃபுட்டிங்குக்கு அடியில் 0.1, 1 மீட்டர் கீழே 0.71, 4 மீட்டரில் பூஜ்யம். ஒவ்வொரு அடுக்கின் காரணியையும் தடிமனால் பெருக்கி, அந்த அடுக்கின் E-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். E-ஐ, கூம்பு முனையுள்ள கம்பியை மணலில் அழுத்தி இறக்கும் சோதனையிலிருந்து எடுப்பார்கள். சதுர ஃபுட்டிங்குக்கு, கூம்பு காட்டும் எதிர்ப்பைப் போல 2.5 மடங்கு.

மணல் முழுக்க ஒரே மாதிரி என்றால், தோண்டிய மண்ணுக்கான சிறு கழிவு போக 14 மி.மீ. வருகிறது. ரப்பர் கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. இப்போது 1 மீட்டர் தடிமனுக்குப் பாதி விறைப்புள்ள தளர்வான அடுக்கு ஒன்றைச் சேர்ப்போம். அது ஃபுட்டிங்குக்கு 1 முதல் 2 மீட்டர் கீழே இருந்தால் இறக்கம் 19 மி.மீ. ஆகிவிடும். அதே அடுக்கு 3 முதல் 4 மீட்டரில் இருந்தால் 15தான். இதைச் சொல்ல ஒற்றை எண்ணான I-க்கு வழியே இல்லை.

ஷ்மெர்ட்மன் காலத்துக்கும் ஒரு பெருக்கம் வைத்தார். பத்து ஆண்டுக்கு 1.4. அதைப் போட்டால் நம் 19 மி.மீ. 27 ஆகிறது, அங்குலத்தைத் தாண்டிவிட்டது. சுமையேறியதும் மணல் நின்றுவிடும் என்று முதலில் சொன்னதை இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும்.

காரணிகளைப் பட்டியலில் எடுத்துவிடலாம். தகராறு எப்போதும் E-யில்தான். ஆழம் கூடினால் மணல் விறைக்கும், சுமை கூடினால் தளரும். முன்பு பெரும் சுமை தாங்கி இறுகிய மணலின் E, தாங்காத மணலைவிட இரு மடங்குக்கும் மேலாக இருக்கலாம். அந்தப் பழைய கதையைக் கூம்பு முழுதாகச் சொல்லாது. நிலத்தடி நீர் ஏறினாலும் விறைப்பு குறையும்.

இன்னொரு குறும்பும் உண்டு. வளைந்து கொடுக்கும் சுமைக்கு நடு 1.12, மூலை 0.56 என்றேன் அல்லவா? மணலின் மேற்பரப்பில் அப்படிச் சுமையை வைத்தால் பெரும்பாலும் ஓரம்தான் அதிகம் இறங்கும். ஓரத்து மணலைப் பக்கத்திலிருந்து அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லை, அது பிதுங்கிவிடுகிறது. ரப்பருக்கு இந்தக் கவலை கிடையாது. பட்டியலின் விகிதமே தலைகீழாகிறது.

1994இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மணல் திடலில் ஐந்து சதுர ஃபுட்டிங்குகளைப் போட்டு, சோதனைக்கு முன்பே கணித்துச் சொல்லுமாறு பொறியாளர்களை அழைத்தார்கள். கணிப்புகள் பரவலாகச் சிதறின. அவற்றில் இரண்டு ஃபுட்டிங்குகள் ஒரே அளவு, 3 மீட்டர் சதுரம், ஒரே திடலில். 25 மி.மீ. இறங்க ஒன்றுக்கு ஏறத்தாழ 450 டன் தேவைப்பட்டது, மற்றதற்கு 520.